எந்தக் கேள்விக்கு எந்த ஆள்? – கேள்வி பதில்

கார்த்திக்: வேலை மாறலாமா என்று ஐந்து பேரிடம் கேட்டேன். ஐந்து விதமாகச் சொல்கிறார்கள். யாரை நம்புவது?

ஐந்து பேரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டதில்தான் சிக்கல், தம்பி. அதை உடைத்து, ஒவ்வொரு பகுதியையும் அது தெரிந்த ஆளிடம் கேளுங்கள். அவர்கள்தான் உங்கள் ஆலோசகர் குழு. என் தங்கை மகளுக்குப் போன வருடம் இதே நிலை. பழைய இடத்தில் நாலு வருடம் ஐந்து மாதம் ஆகியிருந்தது. புது ஆஃபர் 12 லட்சம். சம்பளக் கணக்குப் பார்க்கும் ஒருவரிடம் ஆஃபர் லெட்டரைக் காட்டினாள். அதில் 1.8 லட்சம் வேரியபிள், உறுதியில்லாத பணம் என்றார். இன்னும் ஏழு மாதம் இருந்து ஐந்து வருடம் முடித்தால் கிராஜுவிட்டி வரும் என்பதையும் அவர்தான் சொன்னார்: அடிப்படைச் சம்பளம் 40,000, அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, ஐந்து வருடத்துக்கு சுமார் 1,15,000. இப்போதே விலகினால் அது போய்விடும் என்பதைக் காட்டி, புது இடத்தில் ஒரு லட்சம் ஜாயினிங் போனஸ் கேட்டு வாங்கினாள். ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு.

புது இடத்தில் வேலை எப்படி என்பதை, அந்த இடத்தை விட்டு ஆறு மாதம் முன்பு வந்த ஒருவரிடம் கேட்டாள். இரவு ஷிஃப்ட் உண்டு என்றார். அதை வீட்டில் சமாளிக்க முடியுமா என்பது அம்மாவிடம் கேட்க வேண்டிய கேள்வி. அம்மாவிடம் வேரியபிள் பற்றிக் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்?

சுதா: என் மேனேஜருக்குத்தான் என்னை நன்றாகத் தெரியும். அவரிடமே எல்லாம் கேட்டால் போதாதா?

உங்கள் வேலையில் எது குறை, அடுத்த பதவிக்கு என்ன கற்க வேண்டும் என்பதற்கு அவரைவிட நல்ல ஆள் இல்லை. ஆனால் போவதா இருப்பதா என்ற கேள்வியில் அவருக்கும் லாப நஷ்டம் இருக்கிறது. நீங்கள் கேட்டதை விட்டுவிட்டு அவர் டீமின் கஷ்டத்தைப் பேச ஆரம்பித்தால், அந்தக் கேள்விக்கு அவர் ஆள் இல்லை.

ராமலிங்கம்: கேட்டரிங் வைத்திருக்கிறேன். இப்படி ஒரு ஆலோசகர் குழு அமைக்கப் பதிவு எதுவும் வேண்டுமா?

வேண்டாம் ஐயா, இது கம்பெனி போர்டு இல்லை. அவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருக்கக்கூடத் தேவையில்லை. உங்களுக்கு வரிக்கு ஒரு ஆடிட்டர், விலைக்கு ஒரு மூத்த சமையல் கான்ட்ராக்டர். இரண்டு பேரே போதும்.

நஸ்ரின்: எனக்குச் சித்தப்பா தவிர யாரையும் தெரியாது.

அரைகுறைப் பழக்கமே போதும். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவில் விசாரித்து 1973-ல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் பெரும்பாலோர் அந்த ஆளை எப்போதாவதுதான் சந்தித்திருந்தார்கள். பழைய சீனியருக்கு எழுதுங்கள்: பதினைந்து நிமிடம், ஒரே கேள்வி. அப்புறம் என்ன முடிவெடுத்தீர்கள் என்று அவருக்குக் கட்டாயம் சொல்லுங்கள். பலரும் இதை விட்டுவிடுவதால்தான் இரண்டாம் முறை பதில் வருவதில்லை.

விஜயா (ஹெச்.ஆர்., 20 ஆண்டு): ஆலோசகரின் அனுபவமும் பழசாகுமே? அவரை எப்போது விடுவது?

சந்தைச் சம்பளம் பற்றிச் சொல்பவர் தானே இரண்டு மூன்று வருடமாக ஆள் எடுக்கவோ வேலை தேடவோ இல்லை என்றால், அந்தக் கேள்விக்கு வேறு ஆளைத் தேடுகிறேன். குணம் அறிந்து சொல்பவரை எப்போது மாற்றுவது? எனக்கு அதில் இன்னும் தெளிவில்லை, மேடம். உங்கள் அனுபவம் என்ன?