ஹோட்டல்காரர் உங்கள் புரொபைலில் எதைத் தேடுகிறார்?

“திருகோணமலையில் ஏசி, பிரிட்ஜ் திருத்தும் வேலை செய்கிறேன். என் பேஸ்புக் புரொபைலில் வேலைப் படங்களும் போடுகிறேன். சொந்தக்காரர்தான் லைக் போடுகிறார்கள். ஹோட்டல்காரர் யாரும் கூப்பிடுவதில்லை. என்ன செய்யலாம்?”

முதலில், உங்களைத் தெரியாத ஒருவருக்கு அந்தப் புரொபைலில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி View As என்பதைத் தெரிவுசெய்யுங்கள். வேலைப் படம் ஒன்றுமே அங்கே இல்லையென்றால், அவையெல்லாம் Friends என்ற அளவில் போடப்பட்டவை. சொந்தக்காரர் மட்டும் லைக் போடுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

மாறாக, பிறந்தநாள், கோயில் திருவிழாப் படங்களெல்லாம் வெளியே தெரிந்தால், அமைப்புகளில் Limit Past Posts என்று ஒன்று உண்டு. பழையவை எல்லாவற்றையும் அது நண்பர்களுக்கு மட்டும் என்று ஆக்கிவிடும். வேலைப் படங்களும் சேர்ந்தே மறையும், ஒரே அழுத்தில் திரும்பவும் கொண்டுவர முடியாது. அதனால் இதை முதலில் செய்துவிட்டு, அப்புறம் நல்ல வேலைப் பதிவுகளை மட்டும் ஒவ்வொன்றாக Public ஆக்குங்கள்.

சரி, எது நல்ல பதிவு? பளபளக்கும் புது ஏசிக்கு முன்னால் நிற்கும் படம் ஹோட்டல் முகாமையாளருக்கு ஒன்றும் சொல்லாது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் அவருடைய பெரிய தலையிடி உப்புக்காற்று. வெளி யூனிட்டின் அலுமினியத் தகடு வெள்ளையாகப் பொடிந்து போகும். செப்புக் குழாயில் பச்சை பிடிக்கும். அதைக் கிட்டத்தில் படம் எடுங்கள். உதாரணமாக, இப்படி எழுதலாம்: “கடற்கரை ஓர அறை. முன்பு கேஸ் அடித்தும் குளிர் நிற்கவில்லை. குழாய் மூட்டில் எண்ணெய்க் கசிவு இருந்தது. சவர்க்கார நீரில் குமிழி வந்தது. மூட்டைத் திருத்தி, வெக்யூம் செய்து, கேஸ் நிரப்பினோம்.” எண்ணெய்க் கறை, குமிழி, திருத்திய மூட்டு என்று மூன்று படம் போதும். கசிவைத் தேடாமல் கேஸ் மட்டும் அடித்துவிட்டுப் போகிறவர்களிடம் ஏற்கனவே ஏமாந்த முகாமையாளர், இதைப் பார்த்ததும் உங்களை வேறு ஆளாக மதிப்பார். ஹோட்டல் பெயரைப் போடுவதற்கு முன் அவர்களிடம் கட்டாயம் கேளுங்கள். விருந்தினர் முகமோ பொருளோ படத்தில் விழக்கூடாது.

பெயருக்குக் கீழே வரும் அறிமுகத்துக்கு இடம் கொஞ்சம்தான். தத்துவ வரி வேண்டாம். “ஏசி, பிரிட்ஜ் திருத்தம். உப்புவெளி, நிலாவெளி, திருகோணமலை நகர்” என்று எழுதுங்கள். என்.வி.கியூ. சான்றிதழ் இருந்தால் அதன் நிலையையும் சேருங்கள். இணைப்பு போடும் இடத்தில் வட்ஸ்அப் முகவரியை இப்படிக் கொடுங்கள்:

```
https://wa.me/947XXXXXXXX
```

94க்குப் பிறகு முதல் பூச்சியத்தை விட்டுவிட்டு உங்கள் இலக்கத்தை எழுத வேண்டும். கூட்டல் குறியோ இடைவெளியோ வேண்டாம். பூச்சியத்தோடு எழுதினால் இணைப்பு உங்களிடம் வராது. நண்பர் ஒருவரின் போனில் அழுத்திப் பாருங்கள்.

இங்கே கடற்கரை சீசன் மே மாதமளவில் தொடங்குகிறது. அறைகளைத் தயார் செய்வது அதற்கு முன்னால்தான். ஆகவே சர்வீஸ் பதிவுகளை மார்ச், ஏப்ரலில் போடுங்கள். அதே நாட்களில் இரண்டு மூன்று முகாமையாளர்களுக்கு நேரடியாகச் செய்தி அனுப்பி, அந்தக் கசிவுப் பதிவின் இணைப்பையும் சேர்த்து, ஒரு அறையின் வெளி யூனிட்டைப் பார்த்துச் சொல்லட்டுமா என்று கேளுங்கள்.