48 நாளுக்கா, 18 நாளுக்கா வட்டி?

"பில் 1,00,000, தேதி மார்ச் 3. '2/10, நெட் 30', தாமதத்துக்கு ஆண்டுக்கு 18% என்று போட்டிருக்கிறார்கள். ஏப்ரல் 20-ல் கட்டினேன், 48 நாளுக்கு 2,367 வட்டி கேட்கிறார்கள். சரியா?"

சரியில்லை. 'நெட் 30' என்றால் பில் தேதியிலிருந்து 30 நாள் உங்களுக்குக் கொடுத்த கடன், அதற்கு வட்டி கிடையாது. மார்ச் 3-லிருந்து 30 நாள் எண்ணினால் கெடு ஏப்ரல் 2, அதைத் தாண்டி நீங்கள் எடுத்துக்கொண்டது 18 நாள்தான். அதற்கான கணக்கு இது:

1,00,000 × 18% × 18 ÷ 365 = 887.67

வருஷத்தை 360 நாளாக எடுப்பவர்களும் உண்டு. அப்படி ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் சரியாக 900 வரும். ஆனால் "பில் கைக்கு வந்த தேதியிலிருந்து" என்றோ "மாதக் கடைசியிலிருந்து" என்றோ ஒரு வரி இருந்தால் கெடு இன்னும் தள்ளிப்போகும், அதனால் பணம் அனுப்பும் முன் அந்த வரியைத் தேடிப் பாருங்கள். கெடு எந்தத் தேதி, எத்தனை நாள் தாமதம் என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். பில் தேதியிலிருந்து எண்ணியது அங்கேயே தெரிந்துவிடும்.

அப்புறம், எனக்கு வட்டியைவிட உறுத்துவது நீங்கள் விட்ட தள்ளுபடிதான். '2/10' என்றால் பத்து நாளுக்குள் கட்டினால் 2% தள்ளுபடி, அதாவது மார்ச் 13-க்குள் கட்டியிருந்தால் 98,000 போதும். அதை விட்டதால், 98,000-ஐ இன்னும் 20 நாள் வைத்துக்கொள்ள 2,000 கொடுத்த மாதிரி ஆகிறது, ஆண்டுக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட 37%. இதைவிடக் குறைந்த வட்டிக்கு வங்கியில் ஓவர்டிராஃப்ட் கிடைக்கும் என்றால் அடுத்த முறை அதில் எடுத்தாவது பத்தாம் நாளுக்குள் கட்டிவிடுங்கள். ஆனால் பத்தாம் நாள் தாண்டியபின் 2%-ஐ நீங்களாகக் கழித்து அனுப்பாதீர்கள், அந்த 2,000 பாக்கியாக நின்று கெடுவுக்குப் பிறகு அதற்கும் வட்டி ஓடும்.