மூக்குத்திக் கல்லா, தூசியா? பழைய படங்களை ஸ்கேன் செய்வோரின் கேள்விகள்

அப்பா அம்மாவின் கல்யாண நெகட்டிவை ஸ்கேன் செய்கிறேன். கறுப்பு வெள்ளை, 35 மி.மீ. ஸ்கேனரில் Digital ICE-ஐப் போட்டால் தூசி போவதற்குப் பதில் முகமே திட்டுத்திட்டாகிவிடுகிறது. ஸ்கேனர் கோளாறா?

ஸ்கேனர் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த வசதி அகச்சிவப்பு ஒளியால் வேலை செய்கிறது. கலர் நெகட்டிவின் சாயங்கள் அந்த ஒளியை விட்டுவிடும், தூசி மறைக்கும். அதை வைத்துத்தான் தூசி இருக்கும் இடத்தை ஸ்கேனர் கண்டுபிடிக்கிறது. கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளித் துகள்தான். அதுவும் ஒளியை மறைப்பதால், படத்தின் அடர்ந்த பகுதிகளையும் ஸ்கேனர் தூசியென்று நினைத்து அழிக்கப் பார்க்கிறது. கலர் ரசாயனத்தில் கழுவப்படும் இல்ஃபோர்டு எக்ஸ்பி2 போன்ற ஃபிலிம்கள் மட்டும் விதிவிலக்கு. உங்களுடையதற்கு அதை அணைத்துவிட்டு, 3200 ppi, 16 பிட்டில் ஸ்கேன் செய்யுங்கள். மீதி கைவேலைதான்.

அதே படத்துக்கு Dust & Scratches போட்டேன். புள்ளிகள் போயின, ஆனால் அம்மாவின் கண் செத்துப்போன மாதிரி இருக்கிறது.

கண்மணியில் விழும் வெளிச்சப் புள்ளி, மூக்குத்திக் கல்லின் மினுக்கு, ஜரிகை இழை எல்லாமே அந்த ஃபில்டருக்குத் தூசிதான். நெகட்டிவில் ஒட்டிய தூசி ஒளியை மறைப்பதால், படமாகத் திருப்பியதும் வெள்ளையாகத் தெரியும். மூக்குத்தியும் வெள்ளைப் புள்ளிதான். இரண்டையும் பிரித்தறிய அந்த ஃபில்டருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

ஃபோட்டோஷாப்பில் இப்படிச் செய்து பாருங்கள். லேயரைப் பிரதியெடுத்து, அதில் Dust & Scratches-ஐ Radius 3, Threshold 15 அளவில் போடுங்கள். பிறகு அந்த லேயரை Darken முறைக்கு மாற்றினால் வெள்ளைப் புள்ளிகள் மட்டுமே அடங்கும். கருவிழி, தலைமுடி போன்ற கரிய விவரங்கள் தப்பிக்கும். மேலே கறுப்பு மாஸ்க் போட்டு, பின்சுவர், பந்தல் துணி போன்ற இடங்களில் மட்டும் வெள்ளைத் தூரிகையால் திறந்துவிடுங்கள். முகத்தையும் நகையையும் தொட வேண்டாம்.

அப்புறம் மேலே வெற்று லேயர் ஒன்று வைத்து, 100 சதவீதப் பெரிதாக்கத்தில் Spot Healing Brush-ஆல் முகத்துப் புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுங்கள். Sample All Layers தேர்வில் இருக்கட்டும். தூரிகை புள்ளியைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்க வேண்டும். தாடை ஓரம், புடவைக் கரை போல இரண்டு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் இந்தக் கருவி அழுக்காக இழுக்கும். அங்கே மட்டும் Clone Stamp.

சந்தேகப் புள்ளி வந்தால் அதே ரோலின் அடுத்த படத்தைப் பாருங்கள். அங்கும் மூக்கில் அதே இடத்தில் மின்னினால் கல். முகம் நகர்ந்தும் புள்ளி மட்டும் சட்டத்தின் அதே இடத்தில் நின்றால், ஸ்கேனர் கண்ணாடியைத் துடைக்க வேண்டும்.

படம் முழுக்க நீளவாக்கில் நேரான கோடுகள். சில வெள்ளை, ஒன்று மட்டும் கறுப்பு. ஏன்?

வெள்ளைக் கோடு பெரும்பாலும் ஃபிலிமின் பளபளப்பான முதுகுப் பக்கக் கீறல். அங்கே ஒளி சிதறுகிறது, படம் பத்திரமாகத்தான் இருக்கிறது. கறுப்புக் கோடு என்றால் படம் பதிந்த பூச்சே சுரண்டப்பட்டிருக்கிறது. அந்த இடத்தில் மீட்க எதுவும் இல்லை, பக்கத்திலிருந்து கடன் வாங்கத்தான் வேண்டும். Clone Stamp-ஆல் முதலில் Alt-ஐ அழுத்தியபடி பக்கத்து இடத்தைச் சொடுக்கி மாதிரி எடுங்கள். பிறகு கோட்டின் ஒரு முனையில் சொடுக்கி, Shift-ஐ அழுத்தியபடி அடுத்த முனையில் சொடுக்கினால் நேராக ஓடும். ஒரே நிறம் உள்ள துண்டு வரைக்கும் ஓட்டுங்கள், நிறம் மாறும்போது நிறுத்தி மாதிரியை மாற்றுங்கள். பழைய இருட்டறைக்காரர்கள் முதுகுக் கீறலில் மூக்கு எண்ணெய் தடவி மறைப்பார்கள். வேலை செய்யும், ஆனாலும் நீங்கள் வேண்டாம்.

நாகப்பட்டினம் வீட்டுப் பெட்டியில் இருந்த கலர் நெகட்டிவ்களில் வலைபோலப் பூஞ்சை. தண்ணீரில் கழுவலாமா?

கூடவே கூடாது. பூஞ்சை ஜெலட்டினைத் தின்று வளர்கிறது. தின்ற இடம் தண்ணீர் பட்டால் கரைந்து, படத்தோடு போய்விடும். முதலில் மற்ற நெகட்டிவ்களிலிருந்து பிரித்து, உலர்ந்த இடத்தில் வையுங்கள். நன்றாகக் காய்ந்தபின், என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெளியில் வைத்து மென்மையான தூரிகையால் தட்டுங்கள். ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் உள்ளே இழுகும். ஸ்டூடியோ காலத்துப் பெரிய நெகட்டிவ் என்றால் முகத்தில் பென்சில் டச்சிங் இருக்கலாம். அதைத் துடைத்துவிடாதீர்கள்.

ஸ்கேனில் மிஞ்சும் திட்டுக்கு, Channels பகுதியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றில் மட்டும் சேதம் மோசமாக இருக்கும், மற்ற இரண்டும் ஏறக்குறையச் சுத்தமாக இருக்கும். அந்த ஒன்றைத் தேர்ந்து அதில் மட்டும் Healing Brush ஓட்டுங்கள். முகத்தின் விவரம் மற்ற இரண்டிலும் கெடாமல் நிற்கும்.

பிரிண்ட் சட்டக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது, மேலே புள்ளிகள் வேறு.

பிய்க்காதீர்கள், பூச்சு கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்து, அப்படியே 600 ppi-இல் ஸ்கேன் செய்யுங்கள்.