தட்டு, சாம்பார், புளியங்கொட்டை: மாணவிகளுக்கான ஊட்டச்சத்து வகுப்பு

கேள்வி: அரசுப் பள்ளியில் 8, 9-ஆம் வகுப்பு மாணவிகளுக்கு ஊட்டச்சத்து பற்றிச் சொல்லித்தரும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. தட்டுப் படத்தை வைத்து எப்படிப் புரியவைப்பது? ஒரு வாரம் அவர்களே குறித்துவரும்படி ஏதாவது செயல்பாடு உண்டா?

பதில்:

மனையியல் ஆசிரியையாகப் பல ஆண்டுகள் இந்த வகுப்பை எடுத்திருக்கிறேன். படத்தைச் சுவரில் மாட்டிவிட்டுப் பேசிய ஆண்டுகளில் பிள்ளைகள் அதை அழகாக வரைந்து வண்ணம் தீட்டினார்களே தவிர, தங்கள் வீட்டுச் சாப்பாட்டோடு அதைப் பொருத்திப் பார்க்கவில்லை. படத்தில் பாதி காய்கறியும் பழமும், மீதிப் பாதியில் தானியம், பருப்பு வகை, பால் என்று தனித்தனியாகப் பிரிந்திருக்கின்றன. நம் தட்டிலோ நடுவில் சோறு, அதன்மேல் குழம்பு, ஓரத்தில் ஒரு சிட்டிகை பொரியல். எதை எந்தப் பங்கில் வைப்பது என்ற குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஆகவே முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுங்கள். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில் உள்ள தட்டு, ஒரு வேளைக்கானது அன்று. ஒரு நாள் முழுமைக்குமானது. காலையில் நான்கு இட்லி வைத்த தட்டில் பாதி காய்கறி இருக்க முடியாது, இருக்க வேண்டியதும் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் “எங்கள் வீட்டில் இது நடக்காது” என்று முதல் வகுப்பிலேயே பிள்ளைகள் மனத்தை மூடிக்கொள்வார்கள். அதில் சொல்லப்பட்டுள்ள கிராம் கணக்குகள் சமைக்காத பொருளின் எடை என்பதும் நினைவிருக்கட்டும். 250 கிராம் தானியம் என்பதை வடித்த சோறாக எடுத்துக்கொண்டால் கணக்கு முழுதும் தவறிவிடும்.

அடுத்து ஒரு நிஜ எவர்சில்வர் தட்டையும் 100 கிராம் துவரம்பருப்பையும் வகுப்புக்குக் கொண்டுசெல்லுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு நாள் சாம்பாருக்கு இவ்வளவு பருப்பு போடுகிறார்கள் என்றும், அது இரண்டு வேளைக்கு வருகிறது என்றும் வைத்துக்கொண்டு, அதை எட்டுச் சிறு குவியல்களாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒரு குவியல் ஏறக்குறைய 12 கிராம். அதில் புரதம் 3 கிராமுக்கும் குறைவு. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் இருக்கிறது. “தினமும் பருப்பு சாப்பிடுகிறோம், மிஸ்” என்று சொன்ன பிள்ளைகள் அந்தச் சிறு குவியலைப் பார்த்தவுடன் பேசாமல் இருந்ததை நான் ஒவ்வோர் ஆண்டும் கண்டிருக்கிறேன். சாம்பாரைக் குறை சொல்வது நோக்கம் அன்று. தட்டு நிறைந்து தெரிவதும் பங்கு நிறைவதும் ஒன்றல்ல என்பதை இதைவிட எளிதாகக் காட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை. ரசத்தை எந்தப் பங்கிலும் சேர்ப்பதில்லை. உருளைக்கிழங்கையும் வாழைக்காயையும் காய்கறிப் பக்கம் வைக்காமல் சோற்றுப் பக்கம் வைக்கச் சொல்வேன். இதற்கு எப்போதும் எதிர்ப்பு வரும், அந்த விவாதமே நல்ல பாடமாக அமையும்.

பிறகு ஒரு நாள் உணவைக் கரும்பலகையில் எழுதிப் பங்கு பிரியுங்கள். யாருடைய வீட்டுச் சாப்பாட்டையும் கேட்காமல், பொதுவான ஒன்றை நீங்களே எழுதுவது நல்லது. நான் எழுதுவது இது: காலையில் தேநீரும் ஒரு பன்னும், மதியம் சத்துணவில் சாம்பார் சாதமும் முட்டையும், மாலையில் மீண்டும் தேநீர், கொஞ்சம் காராச்சேவு, இரவில் ரசம் சாதம், அப்பளம். பங்கு பிரித்தால் தானியப் பக்கம் நிரம்பி வழிகிறது. புரதப் பக்கத்தில் ஒரு முட்டையும் ஒரு குவியல் பருப்பும் இருக்கின்றன. கீரையும் பழமும் அறவே இல்லை. பால் தேநீரில் கலந்த அளவோடு நின்றுவிடுகிறது. இந்த நாளை மாற்றச் சொல்லும்போது பிள்ளைகள் முதலில் ஆப்பிள், பாதாம் என்பார்கள். “சமைப்பதும் வாங்குவதும் அம்மா, நீ உன் கையால் மாற்றக்கூடியது எது?” என்று கேட்டால் விடை கீழே இறங்கி வரும். சத்துணவு முட்டையைத் தோழிக்குக் கொடுக்காமல் தானே சாப்பிடுவது, காராச்சேவுக்கான காசில் வேர்க்கடலையோ கொய்யாவோ வாங்குவது, முதல்நாள் இரவே ஒரு கைப்பிடி கொண்டைக்கடலை ஊறவைப்பது, வீட்டருகே முருங்கை இருந்தால் கீரையை உருவிக் கொடுத்து இரவுச் சமையலில் சேர்க்கச் சொல்வது என்று அவர்களே சொல்லத் தொடங்குவார்கள். சாப்பாட்டோடு சேர்த்துத் தேநீர் குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும் என்பதையும், எலுமிச்சை, கொய்யா, நெல்லிக்காய் அதைக் கூட்டும் என்பதையும் இந்த இடத்தில் சொல்லலாம்.

வாரக் குறிப்பேட்டைப் பொறுத்தவரை, அட்டவணை கொடுத்து டிக் போடச் சொல்வதை நான் விட்டுவிட்டேன். ஞாயிறு இரவு ஒரே பேனாவால், ஒரே சாய்வில், எல்லாக் கட்டங்களும் நிறைந்த தாள்கள் வந்தன. பொய் சொன்னார்கள் என்பதைவிட, வீட்டு வறுமையை ஆசிரியையிடம் எழுதிக் காட்ட விரும்பவில்லை என்பதே உண்மை. இப்போது ஐந்து மூடிய டப்பாக்களை, மூடியில் துளையிட்டு, தடுப்புக்குப் பின்னால் வைக்கிறேன்: பருப்பு-முட்டை-மீன்-இறைச்சி, கீரை, மற்ற காய், பழம், பால்-தயிர்-மோர். திங்கள் முதல் வெள்ளி வரை காலையில் ஒவ்வொருவராகச் சென்று, நேற்றுத் தான் சாப்பிட்ட ஒவ்வொரு வகைக்கும் ஒரு புளியங்கொட்டையை அந்தந்த டப்பாவில் போட வேண்டும். எல்லார் கையிலும் ஐந்து கொட்டைகள் கொடுத்து, மீந்ததைப் போட ஆறாவதாக ஒரு டப்பாவும் வைத்துவிட்டால் யார் எத்தனை போட்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது. சோற்றுக்கு டப்பா தேவையில்லை.

எது கணக்கில் சேரும் என்பதை முன்பே முடிவு செய்யாவிட்டால் மேலே தூவிய கொத்தமல்லிக்கும் கீரைக் கொட்டை விழும். பெண்களின் உணவு வகைகளைக் கணக்கிடும் சர்வதேச முறையிலும் 15 கிராமுக்குக் குறைவானதைச் சேர்ப்பதில்லை. நான் அதை ‘ஒரு மேசைக்கரண்டிக்குக் குறைந்தால் கொட்டை இல்லை’ என்று சொல்கிறேன். சாம்பாருக்கு மட்டும், இரண்டு வேளை ஊற்றிக்கொண்டால் ஒரு கொட்டை என்பது என் சொந்த விதி.

38 பேர் இருந்த ஒரு வகுப்பில் முதல் திங்களன்று கீரை டப்பாவில் 6 கொட்டைகளே இருந்தன. வார முடிவில் மொத்தத்தை எண்ணி, மிகக் குறைந்த டப்பா எதுவோ அதற்கு மட்டும் அடுத்த வாரம் ஒரு மாற்றத்தை வகுப்பே தீர்மானிக்கட்டும். ஐந்தையும் ஒரே நேரத்தில் சரிசெய்ய முயன்றால் ஒன்றும் நகராது. எடை, கலோரி, இடுப்பளவு ஆகியவற்றை இந்தச் செயல்பாட்டுக்குள் கொண்டுவராதீர்கள். இந்த வயதில் உணவைக் குறைத்துப் பட்டினி கிடக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் ஓரிருவராவது இருப்பார்கள். எண்கள் அவர்களைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும்.

இந்தத் தட்டால் இரத்தசோகையைத் தீர்க்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை என்பது இந்தியப் பரிந்துரை. அதே வயதுப் பையனுக்கு 22. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே உள்ள பெண்ணுக்குக் கீரையும் கடலையும் மட்டும் போதாது. வாரந்தோறும் பள்ளியில் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்க வேண்டும், வெறும் வயிற்றில் விழுங்கிக் குமட்டல் வந்ததால்தான் பலர் அதைச் சன்னலுக்கு வெளியே எறிகிறார்கள். படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றோ, மாதவிடாயில் ஏழு நாளுக்கு மேலும் இரத்தப்போக்கு நிற்கவில்லை என்றோ ஒரு பிள்ளை தனியாக வந்து சொன்னால், கிராம சுகாதாரச் செவிலியரிடம் அன்றே அழைத்துச் செல்லுங்கள்.