காற்று இரைச்சலையும் கரண்ட் உறுமலையும் நீக்கிய பிறகும் குரல் மெலியாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: “தோட்டத்தில் வைத்துப் பதிவு செய்த பேட்டிகளில் காற்றும் கரண்ட் உறுமலும் ஏறியிருக்கின்றன. பில்டர் போட்டு எடுத்தால் அவை போய்விடுகின்றன. ஆனால் குரல் தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவது போல் மெலிந்துவிடுகிறது. வேறு வழி உண்டா?”

உண்டு. நான் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருப்பவன். மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே விட்டிருக்கும் இடைவெளி வழியாக ஆனியிலும் ஆடியிலும் காற்று நாள் முழுவதும் அடிப்பதால், நான் செய்யும் பதிவுகளில் பாதிக்கு மேல் இந்தத் தொல்லை உண்டு. ஆழியாற்றுத் தண்ணீர் எங்கள் பக்கம் வந்த காலத்தைப் பற்றி என் பெரியப்பா தென்னந்தோப்பில் உட்கார்ந்து சொன்ன ஒரு பதிவை எடுத்துக்கொண்டு, அதில் செய்ததை அப்படியே சொல்கிறேன். நான் பயன்படுத்துவது இலவசமாகக் கிடைக்கும் Audacity.

குரல் மெலிவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். காற்றையும் உறுமலையும் ஒரே வெட்டில் தீர்த்துவிட எண்ணி, கீழ் ஒலிகளை வெட்டும் High-Pass Filter-ஐ 200 ஹெர்ட்ஸிலோ அதற்கு மேலோ வைத்துப் பதிவு முழுவதற்கும் போட்டுவிடுகிறோம். ஒவ்வோர் ஆக்டேவுக்கும், அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும், 24 டெசிபல் இறங்கும் சரிவில் 200-இல் வெட்டினால், 110 ஹெர்ட்ஸில் இருக்கும் ஓர் ஆணின் அடிக்குரல் 20 டெசிபலுக்கு மேல் இறங்கிவிடும். அடிக்குரலின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வெண்ணில் மேலே ஒலிப்பவற்றைக் கொண்டே காது சுருதியைக் கண்டுகொள்வதால் அடி போனது வேலை செய்யும்போது நமக்குத் தெரிவதில்லை. மறுநாள் கேட்கும்போதுதான் குரலில் சதை இல்லை என்பது உறைக்கிறது.

ஆகவே முதலில் அறிய வேண்டியது, பேசுபவரின் குரல் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பது. வாக்கியம் முடியும் இடத்தில் உள்ள ஒரு நீண்ட உயிரொலியைத் தேர்ந்தெடுத்து எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் Plot Spectrum-ஐத் திறந்து, Size-ஐ 8192 என்று வைத்துப் பாருங்கள். பெரியப்பாவுக்கு 190, 285, 380 என்று மேடுகள் நின்றன. அவற்றின் அடி காற்றுக்குள் மூழ்கிக் கிடந்தாலும், இடைவெளி 95 என்பதால் அடிக்குரல் 95 என்று தெளிவாகிவிட்டது. அதற்குக் கீழே 75-இல், 24 டெசிபல் சரிவில் வெட்டினால் 95-இல் ஒரு டெசிபல்கூட இழப்பதில்லை. 50 ஹெர்ட்ஸோ ஏறத்தாழ 14 டெசிபல் இறங்குகிறது. பெண் குரலாக இருந்தால் பெரும்பாலும் இன்னும் மேலே வெட்டலாம், ஆனால் அதையும் அளந்த பிறகே செய்ய வேண்டும்.

உறுமலுக்கு வருகிறேன். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 50, 100, 150 என்று கண்ணை மூடிக்கொண்டு வெட்டுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்யாமல், பேச்சு தொடங்குமுன் உள்ள பத்து விநாடி அமைதியை எடுத்து, Size-ஐ 65536 ஆக உயர்த்திப் பாருங்கள். விநாடிக்கு 48000 மாதிரிகள் எடுக்கும் பதிவில் Size-ஐ 2048 என்று விட்டுவிட்டால் ஒவ்வொரு கட்டமும் 23 ஹெர்ட்ஸ் அகலம் இருக்கும், அதில் எதுவும் பிரிந்து தெரியாது. 65536-இல் முக்கால் ஹெர்ட்ஸ் அளவுக்குப் பிரியும். எனக்கு 50, 100, 150 மூன்றும் ஊசி போல நின்றன. அவற்றோடு 48-இல் ஒரு மேடும் தெரிந்தது. அந்த 48 பக்கத்துத் தோப்பின் பம்ப்செட். இத்தகைய மோட்டார் மின்சாரத்தின் வேகத்துக்குச் சற்றுப் பின்தங்கியே சுழலும், ஆகவே அதன் சுழற்சி ஓசை 50-இல் நிற்பதில்லை. இதைப் பார்க்காமல் 50-ஐ மட்டும் வெட்டினால் உறுமல் அப்படியே இருக்கும். நல்லவேளையாக 48-உம் 50-உம் 75-க்குக் கீழே இருந்ததால் முன் சொன்ன வெட்டே இரண்டையும் அடக்கிவிட்டது.

மிச்சம் 100-உம் 150-உம். ஓர் அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் Notch Filter-இல் Q என்பது வெட்டின் குறுகலைக் குறிக்கும். அதிர்வெண்ணை Q-ஆல் வகுத்தால் வெட்டின் அகலம் வரும். நான் 100-க்கு 20, 150-க்கு 30 என்று வைத்தேன், இரண்டிலும் அகலம் 5 ஹெர்ட்ஸ்தான். பேசும் குரல் ஏறியிறங்கிக்கொண்டே இருப்பதால் இவ்வளவு மெல்லிய பள்ளத்தைத் தாண்டிப் போய்விடும், காதுக்குத் தெரியாது. ஒரே சுருதியில் நீட்டிப் பாடும் இடத்தில் மட்டும் அந்தப் பள்ளம் குரலை விழுங்கும், அங்கே எடுத்துவிடுங்கள். குறுகல் நல்லது என்று Q-ஐ 100 வரை ஏற்றினாலும் கெடும்: சொல் முடிந்த பிறகு மணி ஓய்வது போன்ற ஒரு நீட்சி கேட்கும். 250, 350 ஆகியவையும் லேசாகத் தெரிந்தன, ஆனால் அக்கம்பக்கத்தை விட அதிகம் உயர்ந்து நிற்காததால் நான் தொடவில்லை. பேச்சுக்கு அடியில் இருக்கும் சிறு உறுமலைக் குரலே மறைத்துவிடும்.

காற்றுதான் கடினமானது, ஏனென்றால் அது நிலையாக இல்லை. மைக்கின் முகத்தில் காற்று சுழன்று மொத்துவதால் எழும் அழுத்தமே அந்த இரைச்சல். அது தொலைவிலிருந்து வரும் ஒலி அன்று. அதனால் Noise Reduction-இல் இரைச்சலின் ஒரு மாதிரியைக் கொடுத்து நீக்கச் சொன்னால், அடுத்த மொத்து வேறு வடிவில் வந்து, மிஞ்சுவது தண்ணீருக்குள் பேசும் குரலாக இருக்கும்.

ஆனால் ஸ்டீரியோ பதிவில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. நேரே எதிரில் இருந்து வரும் குரல் இரண்டு மைக்குகளுக்கும் ஒரே மாதிரி போகிறது. காற்றோ இரண்டையும் வேறு வேறு நொடியில், வேறு வேறு பலத்தில் அடிக்கிறது. எனவே பில்டர் எதையும் தொடுமுன் இரண்டு சேனல்களையும் பிரித்தேன். “ஆழியாத்துத் தண்ணி வந்தப்ப நாங்க மாட்டு வண்டியில போயிப் பாத்தமுங்க” என்ற இடத்தில் இடது சேனலில் ‘வண்டி’யின் மேல் பலமான மொத்து, வலதில் அந்த அரை விநாடி ஏறக்குறைய சுத்தம். வலதிலிருந்து அதை வெட்டி இடதில் அதே இடத்தில் வைத்து, ஓரங்களை Z விசையால் பூச்சியக் கோட்டில் சேர்த்தேன். குரலின் அடி முழுதாகத் திரும்பியது. இப்படி நாற்பது நிமிடப் பதிவில் அறுபதுக்கும் மேற்பட்ட இடங்களைச் சரிசெய்ய ஒரு மாலை முழுவதும் ஆயிற்று; இதற்குக் குறுக்குவழி எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டு சேனலிலும் ஒரே நேரத்தில் அடித்திருந்தால், அந்த அரை விநாடிக்கு மட்டும் High-Pass Filter-ஐ 150-இல் வைத்து வெட்டலாம். அவ்வளவு சிறிய நேரத்து மெலிவைக் காது பொறுத்துக்கொள்ளும்.

ஒப்பிட்டுப் பார்க்கும்போது இரண்டு கவனங்கள் தேவை. வெட்டிய பதிவு சத்தம் குறைந்து ஒலிப்பதாலேயே மெலிந்தது போலத் தோன்றும், ஆகவே முதலில் இரண்டின் ஒலி அளவையும் சமப்படுத்துங்கள். போன் ஸ்பீக்கரில் ஒருபோதும் முடிவு செய்யாதீர்கள். நாம் காப்பாற்றப் பாடுபடும் அந்த அடிப்பகுதி அதில் ஒலிப்பதே இல்லை.

ஒரே ஓர் இடத்தில் எதுவும் உதவவில்லை. பலமான மொத்தில் இரண்டு சேனல்களின் அலையும் தலை வெட்டுண்டு தட்டையாகக் கிடந்தது. அப்படித் தட்டையான இடத்தில் குரலும் சேர்ந்தே அழிந்திருக்கும், பில்டர் அதைத் திருப்பித் தராது. பெரியப்பாவிடம் மறுபடி கேட்டேன். இம்முறை மாட்டுக்கொட்டகைச் சுவருக்கு மறைவில், ரோம உறை போட்ட மைக்கை அவர் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்து, சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டினேன். 50-உம் 150-உம் காணாமல் போயிருந்தன. 100 மட்டும் பம்ப்செட் ஓடிக்கொண்டிருந்தவரை மெல்லியதாக நின்றது.