வலிக்காத குதிகால் வெடிப்பு

கேள்வி: எங்க அம்மாவுக்குப் பத்து வருஷமா சுகர் இருக்கு. குதிகால்ல ஆழமா வெடிச்சு லேசா ரத்தமும் கசியுது, ஆனா வலிக்கலைங்கிறாங்க. வீட்ல என்ன தடவலாம்?

ரத்தம் கசிகிற வெடிப்புக்கு இப்போதைக்கு வீட்டில் எதையும் தடவாதீர்கள். சுத்தமான தண்ணீரில் கழுவி, மெதுவாக ஒற்றி எடுத்து, மெடிக்கல் கடையில் கிடைக்கும் சுத்தமான காஸ் துணியை மேலே வைத்துக் கட்டி, இன்றோ நாளையோ சர்க்கரை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பத்து வருஷச் சர்க்கரை, ஆழமான வெடிப்பு, வலி இல்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் அது தோல் வறட்சி என்று விட்டுவிடக்கூடிய விஷயம் இல்லை.

நான் தேவகோட்டையில் பன்னிரண்டு வருஷம் புண் கட்டும் பிரிவில் நர்சாக இருந்தவள். இதை அங்கே பார்த்ததைவிட நெருக்கமாகப் பார்த்தது எங்கள் அயித்தை வீட்டில்தான்.

காரைக்குடிப் பக்கத்தில் பழைய வீடு. ஒருநாள் காலையில் போனபோது வளவில் அப்போதுதான் துடைத்திருந்த ஆத்தங்குடிக் கல் தரையில் காசு அளவுக்குப் பழுப்பாக ஒரு கறை. இரண்டடி தள்ளி இன்னொன்று. அப்படியே இரண்டாங்கட்டு வரைக்கும் வரிசையாகப் போனது. அடுப்படியில் நின்றிருந்த அயித்தையின் வலது குதிகாலில் இருந்துதான் ஒவ்வொரு எட்டுக்கும் அது ஒட்டியிருந்தது. "காலைக் காட்டுங்க அயித்தை" என்றேன். "எனக்கு ஒண்ணும் வலிக்கலை ஆத்தா, பித்தவெடிப்புதான், மெழுகு ஊத்தியிருக்கேன்" என்றார்கள்.

மெழுகுவர்த்தியை நல்லெண்ணெயில் உருக்கி வெடிப்புக்குள் சூடாக விட்டிருக்கிறார்கள். சூடு தெரியவில்லை. மெழுகு மேலே மூடிக்கொள்ள, உள்ளே சீழ் கோத்துவிட்டது. வெடிப்பின் நீளம் இரண்டு சென்டிமீட்டர்தான். ஓரத்தில் லேசாக அழுத்தியதும் மெழுகுக்குப் பக்கவாட்டில் இருந்து கசிந்தது, வாடையும் அடித்தது. அவர்களோ முகம்கூடச் சுளிக்காமல் அடுப்பில் பால் பொங்கிவிடும் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது அதுதான்.

வெடிப்பு ஏன் வருகிறது என்று சொன்னால் மற்றதெல்லாம் விளங்கும். உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பி கிடையாது. அங்கே ஈரம் கொடுப்பது வியர்வைதான். குதிகாலின் அடியில் ஒரு கொழுப்பு மெத்தை இருக்கிறது, நாம் நிற்கும்போது அது அமுங்கிப் பக்கவாட்டில் பிதுங்கும். தோல் மெதுவாக இருந்தால் கூடவே விரிந்துகொடுக்கும். ஓரத்தில் தடித்துக் காய்ந்துபோய் இருந்தால் விரிய முடியாமல் கீறும். சித்திரையில் கண்மாய் வண்டல் பாளம் பாளமாக வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், ஏறக்குறைய அதே கதைதான். உடல் எடை கூடினாலும், நாள் முழுக்க நின்றாலும், பின்பக்கம் திறந்த ரப்பர் செருப்புப் போட்டாலும், வெறுங்காலோடு நடந்தாலும் இந்தப் பிதுக்கம் அதிகமாகும். நம் பக்கத்து வீடுகளில் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று காலையிலிருந்து ராத்திரி வரை வெறுங்காலோடு நடக்கிறோமே, அதற்கும் இதில் பங்கு உண்டு.

சர்க்கரை இதில் மூன்று வேலை செய்கிறது. வியர்வையை நடத்தும் நரம்பு கெடுவதால் பாதம் வியர்ப்பது குறைந்து வறண்டுபோகிறது. வலியைச் சொல்லும் நரம்பு கெடுவதால் வெடித்ததே தெரிவதில்லை. காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்கினால் வெடித்தது ஆறுவதும் இல்லை. அதனால் உங்கள் அம்மா "வலிக்கலை" என்று சொல்வதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சர்க்கரை இல்லாத ஒருவருக்கு அந்த ஆழத்தில் வெடித்திருந்தால் தரையில் குதிகாலை ஊன்றவே முடியாது.

உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று வீட்டிலேயே ஒரு நிமிஷத்தில் பார்க்கலாம். அம்மாவைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவர்களுடைய பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக ஒன்றிரண்டு விநாடி லேசாகத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ தடவவோ கூடாது. தொட்டது தெரிந்தால் எந்தக் கால் என்று அவர்கள் சொல்ல வேண்டும். இரண்டு காலிலும் சேர்த்து ஆறு இடம். இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று பொருள். இங்கிலாந்தில் இப்ஸ்விச் ஊர் மருத்துவமனையில் உருவான சோதனை இது. எங்கள் அயித்தைக்கு ஆறில் இரண்டுதான் தெரிந்தது. எல்லாம் தெரிந்துவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் பாதச் சோதனை செய்துகொள்ள வேண்டும்.

அன்றைக்கே காரைக்குடியில் ஒரு சர்க்கரை மருத்துவரிடம் கூட்டிப்போனோம். மெழுகை எடுத்து, உப்புநீரால் கழுவி, வெடிப்பின் இரண்டு பக்கமும் கட்டை போலத் தடித்திருந்த தோலைக் கத்தியால் சீவி எடுத்தார். எலும்பு வரை போயிருக்கிறதா என்று மழுங்கிய கம்பியை விட்டுப் பார்த்தார், எக்ஸ்ரேயும் எடுத்தார். நல்லவேளை, போகவில்லை. பாதத்தில் நாடித் துடிப்பும் இருந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 9.4 சதவீதம் இருந்ததால் மருந்தை மாற்றினார். ஆன்டிபயாடிக் கொடுத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றச் சொன்னார். குதிகாலை ஊன்றி நடக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வலியே காட்டாத அந்த வெடிப்பு மூட ஆறு வாரம் ஆனது. அந்தத் தடித்த ஓரத்தைச் சீவாமல் எத்தனை களிம்பு தடவினாலும் ஒவ்வொரு எட்டுக்கும் அது வெடிப்பைத் திரும்பத் திரும்பப் பிளந்துகொண்டே இருக்கும். ஆனால் அதைச் செய்ய வேண்டியது பழகிய கை. வீட்டில் பிளேடு எடுக்காதீர்கள்.

அப்புறம் மெடிக்கல் கடையில் பேர் சொல்லாமல் "வெடிப்புக்குக் களிம்பு" என்று கேட்டால் சிலசமயம் கால் ஆணிக்கான சாலிசிலிக் அமிலக் களிம்போ பிளாஸ்திரியோ கையில் வந்துவிடும். தடித்த தோலைக் கரைக்கும் மருந்து அது. உணர்ச்சி இல்லாத காலில் நல்ல தோலையும் சேர்த்து அரித்துவிடும், எரிச்சலும் தெரியாது. சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடக்கூடாது.

புண் முழுக்க மூடிய பிறகுதான் தினப்படிப் பராமரிப்பு. ராத்திரி படுக்கப்போகும் முன் வெதுவெதுப்பான தண்ணீரில் காலைக் கழுவ வேண்டும். சூட்டை அம்மா காலால் பார்க்கக்கூடாது, நீங்கள் முழங்கையால் பாருங்கள். ஊறவைக்க வேண்டாம், தோல் ஊறி உப்பினால் பிறகு இன்னும் காயும். துணியால் ஒற்றி, விரல் இடுக்குகளை நன்றாக உலர்த்திவிட்டு, தோலில் ஈரப்பதம் இருக்கும்போதே பத்து சதவீத யூரியா கிரீமைக் குதிகாலிலும் பாதத்திலும் தடவுங்கள். யூரியா தண்ணீரைத் தோலுக்குள் பிடித்துவைக்கும், தடித்த தோலையும் இளக்கும். அளவு என்று கேட்டால், ட்யூபைப் பிதுக்கி ஆள்காட்டி விரலின் மேல் கணு நீளத்துக்கு ஒரு கோடு வைத்தால் அரை கிராம், ஒரு பாதம் முழுக்க அப்படி இரண்டு கோடு போதும். விரல் இடுக்கில் மட்டும் தடவக்கூடாது, அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். மேலே தளர்வான பருத்திச் சாக்ஸ் போட்டுவிடுங்கள். ஒரு வாரத்தில் தோல் மெதுவாவது தெரியும். தெரிந்ததும் நிறுத்திவிடாதீர்கள், வியர்வை திரும்ப வரப்போவதில்லை, அதனால் இது தினமும் செய்ய வேண்டிய வேலை.

வாசலினும் தேங்காயெண்ணெயும் தப்பில்லை. ஆனால் அவை இருக்கிற ஈரத்தை மூடித்தான் வைக்கும், காய்ந்த காலில் தடவினால் பெரிதாகப் பயன் தராது. கழுவின கையோடு ஈரத்தின் மேல் தடவ வேண்டும்.

சர்க்கரை இல்லாதவர்களுக்கு இதே முறைதான், கொஞ்சம் தாராளமாகச் செய்யலாம். பத்துப் பதினைந்து நிமிஷம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, ப்யூமிஸ் கல்லால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, கிரீம் தடவலாம். ஒரு மாசம் செய்தும் மாறவில்லை, விரல் இடுக்கில் அரிப்பு, ரேகைகளில் மாவு பூத்தது போல வெள்ளைச் செதில் என்றால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். கூடவே சோர்வும் முடி கொட்டுவதும் இருந்தால் தைராய்டையும் பாருங்கள்.

மஞ்சளையும் மருதாணியையும் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெடிப்பில் மஞ்சளோ மருதாணியோ அப்பும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அந்த நிறம் ஏறின தோலில், சீழ் பிடிப்பதைக் காட்டும் சிவப்பு தெரியவே தெரியாது. நம் நிறத்துக்கே சீழ் பிடிக்கும்போது சிவப்பாகத் தெரிவதைவிடக் கருத்துத்தான் தெரியும். அதனால் கண்ணை மட்டும் நம்பாமல் புறங்கையை வைத்து இரண்டு குதிகாலையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பாருங்கள். ஒன்று மற்றதைவிடச் சுட்டால், வீங்கினால், வாடையோ கசிவோ இருந்தால், ஓரம் கறுத்தால், காய்ச்சல் வந்தால், அல்லது சாப்பாடும் மருந்தும் மாறாமலே சர்க்கரை எகிறினால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

வீட்டுக்குள் செருப்பா என்று அயித்தையும் கேட்டார்கள். வெளியே போகாத ஒரு ஜோடி, கழுவி வைத்தது, உள்ளே மட்டும் போட. எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் அடி வைத்து, பின்னால் வார் இருக்கிற செருப்பு அது. சாமி அறைக்கு முன்னால் கழற்றிவைக்கிறார்கள், அவ்வளவுதான். கோயிலுக்கு வெயில் இறங்கின பிறகுதான் போகிறார்கள், பிரகாரத்துக் கருங்கல் சுடுவது அவர்களுக்குத் தெரியாது என்பதால் சாக்ஸும் உண்டு.

அந்த வருஷம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பதாக வேண்டியிருந்தார்கள். புண் ஆறியும் மருத்துவர் கூடாது என்றுவிட்டார். ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு அவர்கள் மகன் அந்த நேர்த்திக்கடனுக்காக நடந்தான், இவர்கள் காரில் போய்ப் பழனியில் காத்திருந்தார்கள். இப்போது ராத்திரி கிரீம் தடவியதும் குதிகாலுக்கு அடியில் ஒரு முகக்கண்ணாடியைத் தரையில் வைத்து அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். கண் சரியாகத் தெரியாத நாளில் எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பேரனை விரட்டுவார்கள்.

உங்கள் அம்மாவுக்கு விரல் சோதனையில் ஆறில் எத்தனை தெரிந்தது என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.