தங்கை திருமண விடுப்புக் கடிதம்: மாற்று ஆசிரியரை எப்படிக் குறிப்பிடுவது?

"தங்கைக்குக் கல்யாணம், புதன் முதல் வெள்ளி வரை லீவு வேண்டும். ஒன்பதாம் வகுப்பு கணக்கை இன்னொரு டீச்சர் பார்த்துக்கொள்வார். முதல்வருக்கு எப்படி எழுதுவது?"

வாழ்த்துகள் டீச்சர். கல்யாணத்துக்கு ஒரு வரி போதும், அழைப்பிதழை இணைத்துவிடுங்கள். முதல்வர் தேடிப் பார்ப்பது வகுப்பு ஏற்பாட்டைத்தான். அதனால் எழுதும் முன் உங்கள் கால அட்டவணையையும் அந்த டீச்சரின் கால அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் பீரியடில் அவருக்கும் வகுப்பு இருந்தால் கடிதம் திரும்பி வந்துவிடும். உதாரணமாக, வியாழன் மூன்றாம் பீரியட் மோதினால், ஒன்பதாம் வகுப்பின் தமிழாசிரியரிடம் பேசி பீரியடை மாற்றிக்கொள்ளலாம். அடுத்த வாரம் அவருடைய பீரியட் ஒன்றை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் இப்படி எழுதுங்கள்:

"மதிப்பிற்குரிய ஐயா,
என் தங்கையின் திருமணத்தை முன்னிட்டு, புதன் முதல் வெள்ளி வரை மூன்று நாள் தற்செயல் விடுப்பு வழங்க வேண்டுகிறேன். இந்நாட்களில் 9-ஆம் வகுப்புக் கணித வகுப்புகளை எடுக்கக் கணித ஆசிரியை திருமதி ______ ஒப்புக்கொண்டுள்ளார். வியாழன் மூன்றாம் பீரியட் மட்டும் தமிழாசிரியருடன் மாற்றிக்கொள்ளப்பட்டுள்ளது. பாடத்திட்டக் குறிப்பைக் கணித ஆசிரியையிடம் ஒப்படைத்துள்ளேன். திங்களன்று பணிக்குத் திரும்புவேன்.
இப்படிக்கு, ______"

கிழமைகளோடு தேதியும் போடுங்கள். உங்கள் கையெழுத்துக்குக் கீழே "சம்மதிக்கிறேன்" என்று அந்த டீச்சரும் கையெழுத்துப் போடட்டும், வாய்ச்சொல் பின்னால் நிற்காது. சனிக்கிழமை பள்ளி உண்டென்றால் அதையும் விடுப்பில் சேர்த்துவிடுங்கள். காலையில் உங்களுக்கு வகுப்பாசிரியர் பொறுப்பு இருந்தால், வருகைப்பதிவு யார் எடுப்பார் என்று ஒரு வரி வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.